டிஸ்ப்ளேயில் ஏதோ எழுத்து வருது: வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு எரர் கோடு பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

போட்டோ எடுத்து அனுப்பினேன், பாதி எழுத்துதான் விழுந்திருக்கு. கண்ணுக்கு முழுசாத் தெரியுதே, போட்டோவில் மட்டும் ஏன் இப்படி?

அந்த டிஸ்ப்ளேயில் இருக்கும் எழுத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. முதல் எழுத்து எரிந்து அணையும், அடுத்தது எரியும், மறுபடி முதலாவது, இப்படி மாறி மாறி நடக்கிற வேகத்தில் நம் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து எரிவது போலத் தெரிகிறது. கேமரா அப்படி ஏமாறாது. வெளிச்சம் அதிகமாக இருந்தால் போன் கேமரா ஒரு நொடியின் மிகச் சின்னத் துண்டை மட்டும் பிடிக்கும், அந்தத் துண்டில் எந்த எழுத்து எரிந்ததோ அதுதான் படத்தில் இருக்கும்.

அதனால் ஜன்னலைச் சாத்தி, லைட்டை அணைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். அதைவிட நல்லது பத்து நொடி வீடியோ. சில மெஷின்கள் முதலில் E, அடுத்து எண் என்று மாற்றி மாற்றிக் காட்டும், போட்டோவில் அதில் பாதிதான் கிடைக்கும். டிஸ்ப்ளேயே இல்லாத மாடல்களில் விளக்குகள் எத்தனை முறை சிமிட்டுகின்றன, எவை சேர்ந்து சிமிட்டுகின்றன என்பதுதான் கோடு, அதற்கு வீடியோவை விட்டால் வேறு வழியில்லை.

இன்னொன்றும் அனுப்புங்கள், மாடல் ஸ்டிக்கர். முன்பக்கக் கதவு மெஷினில் கதவைத் திறந்தால் விளிம்பில் இருக்கும், டாப் லோடில் பெரும்பாலும் பின்பக்கம், இண்டக்‌ஷனில் அடியில். அது இல்லாமல் கோடை மட்டும் வைத்து யாராவது காரணம் சொன்னால் பாதி ஊகம்தான், நான் சொன்னாலும்.

இண்டக்‌ஷனில் 93 என்று வருகிறது. கூட வந்த புத்தகத்தில் அப்படி ஒரு கோடே இல்லையே?

போனைத் தலைகீழாகத் திருப்பிப் படத்தைப் பாருங்கள். E6 என்று தெரிகிறதா? அடுப்பை மேடையில் எதிர்ப்பக்கம் நின்று எடுத்த படம் அது. சின்னச் சின்னக் குச்சி விளக்குகளால் அமையும் இந்தக் கட்டை எழுத்தில் E-யைத் தலைகீழாக்கினால் 3, 6-ஐத் தலைகீழாக்கினால் 9. இதே கணக்கில் E5 என்பது 53 ஆகிவிடும், E2 என்பது 23. வேடிக்கை என்னவென்றால் E3 மட்டும் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் E3 தான்.

LE என்று தேடினால் ஓர் இடத்தில் மோட்டார் பழுது, இன்னோர் இடத்தில் தண்ணீர் கசிவு என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. எல்ஜியில் LE என்றால் மோட்டார் சுற்ற முடியாமல் நிற்கிறது, பழைய சாம்சங்கில் LE என்றால் கசிவு. புதிய சாம்சங் மாடல்களில் அதே கசிவு LC என்று வரும். தேடும்போது கோடோடு கம்பெனி பெயரையும் மாடலையும் சேர்த்துப் போடாவிட்டால் இப்படித்தான் குழம்பும்.

எழுத்தா எண்ணா என்ற குழப்பம் இதைவிட மோசம். அந்தக் கட்டை எழுத்தில் I-யும் 1-ம் ஒன்று போலத்தான் இருக்கும். எல்ஜியில் IE, தண்ணீர் வரவில்லை. சாம்சங்கில் 1E, தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சார் கோளாறு. ஒன்றுக்குக் குழாயைத் திறந்தால் போதும், இன்னொன்றுக்கு ஆள் வர வேண்டும். அதேபோல சாம்சங்கில் தண்ணீர் வெளியேறாதபோது வரும் 5E-ஐ எல்லோரும் SE என்றுதான் எழுதி அனுப்புகிறார்கள். O, 0, D மூன்றும் ஒன்று போல, 8-ம் B-யும் ஒன்று போல. வெறும் எண் மட்டும் தெரிந்தால் பதறாதீர்கள், 18 என்பது மீதமுள்ள நிமிடமாகவும் இருக்கலாம். ஒரு நிமிடம் கழித்து 17 ஆகிறதா என்று பாருங்கள்.

OE வந்து நின்றுவிட்டது, உள்ளே தண்ணீர் அப்படியே இருக்கிறது. முன்பக்கக் கதவு மெஷின். ஆள் வருவதற்குள் நான் என்ன பார்க்கலாம்?

எல்ஜியில் வரும் OE (மற்ற கம்பெனிகளில் 5E, 5C, E18) என்றால் பம்ப் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. தண்ணீரை வெளியேற்றச் சொல்லி சில நிமிடம் காத்திருந்தேன், மட்டம் இறங்கவில்லை என்று மட்டும்தான் மெஷின் சொல்கிறது. காரணம் பம்ப்பிலிருந்து வெளியே குழாய் முடிகிற இடம் வரை எங்கேயும் இருக்கலாம்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும் வரை காத்திருங்கள், 60 டிகிரி தண்ணீர் காலில் கொட்டினால் எரர் கோடு மறந்துபோகும். பிறகு பின்னால் போகும் ஹோஸ் எங்காவது மடங்கி இருக்கிறதா, யாராவது மெஷினைத் தள்ளி சுவரோடு நசுக்கி இருக்கிறார்களா என்று பாருங்கள். அதுவே பல வீட்டில் முழுக் கதை.

அது சரியாக இருந்தால் கீழே வலது மூலையிலோ இடது மூலையிலோ ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் ஒரு திருகு ஃபில்டரும், பல மாடல்களில் பக்கத்தில் ஒரு மெல்லிய டியூபும் தெரியும். டியூபின் நுனியில் உள்ள அடைப்பானைக் கழற்றி ஒரு தாம்பாளத்தில் தண்ணீரை விடுங்கள், நிறைந்ததும் அடைத்து ஊற்றிவிட்டு மறுபடி. பத்து முறை ஊற்ற வேண்டி வரும், அலுப்பான வேலைதான். டியூப் இல்லாத மாடலில் ஃபில்டரையே கால் சுற்று மட்டும் தளர்த்தி ஒழுக விடுங்கள். ஒரேயடியாகத் திருகினால் உள்ளே இருக்கும் தண்ணீர் மொத்தமும் ஹாலுக்கு வரும்.

தண்ணீர் நின்றபின் ஃபில்டரை முழுதாக வெளியே எடுங்கள். நான் பார்த்தவரை அதில் இருப்பது இரண்டு ரூபாய் நாணயம், ஊக்கு, ஹேர்பின், குழந்தையின் ஒற்றை சாக்ஸ், அப்புறம் கோயிலுக்குப் போய்வந்த சட்டைப் பையில் மறந்துபோன விபூதிப் பொட்டலம் கரைந்து கூழான காகிதம். ஃபில்டர் இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் பம்ப்பின் சின்ன விசிறி தெரியும். அதை விரலால் சுற்றிப் பாருங்கள். தட்டுத் தட்டாக, ஒவ்வொரு கட்டமாக இழுத்து இழுத்துச் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, அது பழுதில்லை. சுற்றவே மறுத்தால் நூலோ முடியோ சிக்கி இருக்கிறது. எந்தப் பிடிமானமும் இல்லாமல் லொடலொட என்று ஆடினால் விசிறி உடைந்திருக்கலாம்.

ஃபில்டரைக் கழுவி நன்றாக இறுகத் திருகி, டிரம்மில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்தபின், இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பிளக்கை மாட்டி, வெளியேறும் ஹோஸின் நுனியைக் கழிவுநீர்க் குழாயிலிருந்து எடுத்து ஒரு வாளிக்குள் பிடித்துக்கொண்டு ஸ்பின் மட்டும் ஓட விடுங்கள். இதுதான் உண்மையான சோதனை. வாளியில் தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது, உங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்தான் அடைத்திருக்கிறது, அதற்குப் பிளம்பரைக் கூப்பிடுங்கள். ம்ம்ம் என்று முனகல் கேட்டுத் தண்ணீர் வராவிட்டால் பம்ப்பிலோ ஹோஸிலோ இன்னும் ஏதோ சிக்கி இருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லாவிட்டால் பம்ப்பின் கம்பிச்சுருளோ, ஒயரோ, போர்டோ போயிருக்கும், அங்கே உங்கள் வேலை முடிந்தது.

நுரையும் இதே கோடைக் கொண்டுவரும். டாப் லோடு பவுடரை முன்பக்கக் கதவு மெஷினில் அள்ளிப் போட்டால் பம்ப்புக்குத் தண்ணீருக்குப் பதில் நுரைதான் கிடைக்கும், அதை அதனால் தள்ள முடியாது. அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

எங்களுடையது டாப் லோடு. ஃபில்டர் மூடி எங்கேயும் இல்லை. ஆனாலும் OE வருதே?

நம் ஊரில் விற்கும் பல டாப் லோடு மெஷின்களில் வெளியேற்றும் பம்ப்பே கிடையாது. அடியில் ஒரு வால்வு, அதை ஒரு சின்ன மோட்டார் இழுத்துத் திறக்கும், தண்ணீர் தானாகக் கீழே வழிந்து போகும். அவ்வளவுதான். தானாகப் போக வேண்டும் என்றால் ஹோஸ் எங்கேயும் மேலே ஏறக்கூடாது.

பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் போன மாதம் OE படம் ஒன்று அனுப்பினார். துவைக்கிறது, அலசுவதற்கு முன் நின்றுவிடுகிறது, தினமும் இதே கதை, வால்வு மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். டிஸ்ப்ளே படம் போதாதுக்கா, மெஷினுக்குப் பின்னால் ஒரு படம் அனுப்புங்க என்றேன். வந்த படத்தில் எல்லாம் இருந்தது. பாத்ரூமில் டைல்ஸ் வேலை நடந்ததால் மெஷினை வெளியே வராந்தாவுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஹோஸ் பாத்ரூம் வாசல் திண்டின் மேல் ஏறி, அரை அடி உயரத்தில் வளைந்து, எட்டவில்லை என்று ஆறடி நீல தோட்டக் குழாய் வேறு சொருகி, உள்ளே இறங்கியிருந்தது.

உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது அக்கா என்று கேட்டேன். துணியை எடுத்துவிட்டுப் பார்த்தார், பாதித் தண்ணீர் போயிருக்கிறது, மீதி அசையாமல் நிற்கிறது. வால்வு திறக்காமல் இருந்தால் ஒரு சொட்டும் போயிருக்காது. வால்வு திறந்து கொஞ்சம் போய் நின்றது என்றால் பாதை மேலே ஏறுகிறது என்று அர்த்தம், அந்தத் திண்டு உயரத்துக்கு வந்ததும் தண்ணீர் நின்றுவிடும். நீலக் குழாயைப் பிடுங்கிவிட்டு, மெஷினின் ஹோஸைத் தரையில் படுத்தாற்போல் வைத்து வராந்தாவிலேயே ஓடவிடச் சொன்னேன். மடமடவென்று மொத்தமும் வெளியேறிவிட்டது, வராந்தா கழுவின மாதிரியும் ஆச்சு. வால்வுக்கு ஒன்றுமில்லை. பிறகு ஓர் இரும்பு ஸ்டாண்ட் வாங்கி மெஷினை உயர்த்திவிட்டார்கள். ஸ்டாண்டின் கால் ஒன்று சமமாக இல்லாமல் இரண்டு நாள் சமநிலை இல்லை என்கிற UE கோடு வந்தது தனிக் கதை.

குழாயில் தண்ணீர் நன்றாக வருது, ஆனால் மெஷின் தண்ணீர் வரவில்லை என்கிற கோடு காட்டுது. பொய் சொல்லுதா?

பாத்ரூம் குழாயில் வருவது கணக்கில்லை, மெஷினுக்குள் போவதுதான் கணக்கு. குழாயை அடைத்துவிட்டு, தண்ணீர் உள்ளே போகும் ஹோஸை மெஷின் பக்கம் கழற்றுங்கள். அது மாட்டியிருந்த வாயில் ஒரு சின்ன வலை இருக்கும். போர் தண்ணீர் வீடுகளில் அது உப்புப் படிந்து வெள்ளையாக இருக்கும், சம்ப் அல்லது மொட்டை மாடி டேங்க் கழுவின மறுநாள் என்றால் மண் அடைத்திருக்கும். குறடால் மெதுவாக இழுத்து எடுத்து பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள், உப்பு என்றால் எலுமிச்சைச் சாற்றில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். சில ஹோஸ்களில் குழாய்ப் பக்கமும் ஒரு வலை உண்டு. வலை இடைஞ்சல் என்று எடுத்து எறிந்துவிடாதீர்கள், பிறகு மண் வால்வுக்குள் போய் உட்கார்ந்தால் தண்ணீர் நிற்காமல் சொட்டிக்கொண்டே இருக்கும்.

வலை சுத்தமாக இருந்தும் வந்தால் அழுத்தம் போதவில்லை. மேல் மாடியில் மெஷின், அதற்கு நேர் மேலே டேங்க் என்றால் உயரம் மூன்று மீட்டர்கூடத் தேறாது. மெஷின் ஸ்டிக்கரிலோ புத்தகத்திலோ குறைந்தபட்ச அழுத்தம் MPa கணக்கில் போட்டிருப்பார்கள், 0.1 MPa என்றால் சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீர். அதாவது மூன்று மீட்டருக்கு 0.03 தான் கிடைக்கும். ஸ்டிக்கரில் 0.05 என்று இருந்தால் எத்தனை முறை வால்வு மாற்றினாலும் கோடு வந்துகொண்டேதான் இருக்கும், சின்ன பிரஷர் பம்ப்தான் வழி.

UE, அப்புறம் CL. இதுக்கும் ஆள் கூப்பிடணுமா?

வேண்டாம். UE, துணி ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டது. ஒற்றைப் போர்வை, கால்மிதி போட்டால் அப்படித்தான், கூட இரண்டு துண்டைப் போட்டுப் பரப்பிவிடுங்கள். CL எரரே இல்லை, எல்ஜியில் குழந்தைப் பூட்டு. பூட்டுப் படம் போட்ட பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் போய்விடும்.

இண்டக்‌ஷனுக்கு E0 முதல் E9 வரை எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான பட்டியல் இருக்கா?

இல்லை. ஒரு மாடலில் வோல்டேஜ் குறைவைக் காட்டும் எண் இன்னொன்றில் சென்சாரைக் காட்டும், ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். ஆனால் எண் எதுவானாலும் பின்னால் இருக்கும் காரணங்கள் நாலைந்துதான், அவற்றை எண்ணைவிட நேரம் நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

போட்டவுடன் பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருந்து கொஞ்ச நேரத்தில் அணைந்தால் பாத்திரம். ஃபிரிட்ஜ் காந்தத்தை அடியில் ஒட்டிப் பாருங்கள், நன்றாக ஒட்ட வேண்டும். அலுமினியக் குக்கர், செம்பு, மண்சட்டி ஒட்டாது. ஒட்டுகிற பாத்திரமும் மிகச் சின்னதாக இருந்தால், காபிக்குப் பால் காய்ச்சும் குட்டிப் பாத்திரம் மாதிரி, அடுப்பு அதை உணராது.

பதினைந்து இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நின்றால் சூடு. அடுப்பைத் தூக்கி அடியைப் பாருங்கள், காற்று இழுக்கும் துளைகளை மேடையில் விரித்த பிளாஸ்டிக் ஷீட்டோ நியூஸ்பேப்பரோ ஒட்டி அடைத்திருக்கும். விசிறிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். துளையில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி ஆகியிருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு உலர்ந்த பிரஷால் எடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். வெறும் இரும்புத் தோசைக்கல்லை முழுப் பவரில் காயவைத்தாலும் இதே கோடு வரும், பவரைக் குறைத்துக் காய வையுங்கள்.

ஆறின அடுப்பில், பாத்திரம் வைக்கும் முன்பே, பிளக் மாட்டின அந்த நொடியில் கோடு வந்தால் சென்சார், ஒயர், அல்லது கரப்பான். கரப்பான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அடுப்பின் கதகதப்புக்குப் போய்க் குடியிருந்து போர்டில் செத்துக் கிடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சமைத்து முடித்தபின் வெறும் H வந்தால் அது எரர் இல்லை, கண்ணாடி இன்னும் சூடு, தொடாதே என்கிறது.

காலையில் நன்றாக இருக்கு, ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் கோடு வருது. பேய் மாதிரி இருக்கு.

பேய் இல்லை, வோல்டேஜ். தெருவே ஏசியும் மோட்டாரும் போடும் நேரம். ஆனால் லைனைத் திட்டும் முன் பிளக் பாயின்டைப் பாருங்கள். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பாயின்டிலோ, செல்போன் சார்ஜர் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ மாட்டியிருந்தால் வழியிலேயே வோல்டேஜ் விழும். பத்து நிமிடம் ஓடியபின் அணைத்து, பிளக்கின் வெளி உறையைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, கறுத்துப்போன பிளக் கால்கள் என்றால் அந்தப் பாயின்டில் இனி ஓட்டவே கூடாது, பெரிய 16 ஆம்பியர் பாயின்டுக்கு மாற்றுங்கள். அங்கே மாற்றியும் ராத்திரி மட்டும் வந்தால், 800 வாட்டில் வைத்துப் பாருங்கள். அதில் கோடு வராவிட்டால் இழுப்பு அதிகமாகும்போதுதான் வோல்டேஜ் விழுகிறது, அதாவது வீட்டு ஒயரிங்கோ லைனோதான், அடுப்பு இல்லை.

பிளக்கைக் கழற்றி மாட்டினால் கோடு போயிடுது. அப்படியே ஓட்டிக்கிட்டு இருக்கலாமா?

கரண்ட் போய் வந்தபின் ஒரு முறை வந்த கோடு என்றால் சரி. பத்து நிமிடம் பிளக்கைக் கழற்றி வைத்து மாட்டுங்கள், இரண்டு நொடியில் மாட்டினால் உள்ளே இருக்கும் மின்சாரம் வடிந்திருக்காது, போர்டு பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அதே கோடு வாரத்தில் இரண்டு மூன்று தடவை வந்தால் ரீசெட் செய்து ஓட்டுவதில் பயனில்லை, எப்போது வந்தது, எந்தக் கட்டத்தில் வந்தது என்று ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள், வருகிற ஆளுக்குப் பாதி வேலை மிச்சம்.

சிலவற்றில் ரீசெட்கூட வேண்டாம். மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, கருகல் வாசனை, மெஷினுக்கு அடியில் தண்ணீர், அடுப்புக் கண்ணாடியில் விரிசல். இதில் எது இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றி அப்படியே விட்டுவிடுங்கள். இண்டக்‌ஷனை ஸ்க்ரூ டிரைவரால் திறந்து பார்க்கிற ஆசையும் வேண்டாம், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும், பிளக்கைக் கழற்றின பிறகும் கொஞ்ச நேரம் அது உள்ளேயே நிற்கும்.